மாமியாரை ‘ஹீ’ ஆக்காமல் ஆங்கிலம் பேச

மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறீர்கள். ‘மை மதர்-இன்-லா ஹேஸ் ஃபீவர். ஹீ டுக் டூ டேப்லெட்ஸ்’ என்கிறீர்கள். மாத்திரை போட்டது யார், மாமனாரா என்று நர்ஸ் குழம்புகிறார். ஹீ, ஷீ வித்தியாசம் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. எழுதச் சொன்னால் சரியாகவே எழுதுவீர்கள். பேசும் வேகத்தில்தான் சறுக்குகிறது.

தமிழிலும் அவன், அவள் உண்டுதான். ஆனால் பெரியவர்களை அப்படிச் சொல்ல மாட்டோமே! அம்மாவும் ‘வந்தாங்க’, அப்பாவும் ‘வந்தாங்க’. எழுத்தில் இருவருமே ‘அவர்’. மரியாதை வந்ததும் ஆண், பெண் அடையாளம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு எழுவாயையே விட்டுவிடுகிறோம்: ‘காலையில சாப்பிட்டாங்க, மாத்திரை போட்டாங்க, தூங்கிட்டாங்க.’ ஆங்கிலத்தில் இந்த மூன்று இடத்திலும் ஆள் யார் என்று சொல்லியாக வேண்டும். தமிழில் யோசித்தே பழகாத இடம் என்பதால், வாய்க்கு வந்தது விழுகிறது.

ஹிஸ், ஹெர் இன்னொரு வம்பு. ‘அக்கா அவங்க வீட்டுக்காரரோட வந்தாங்க’ என்பதைச் சொல்லும்போது, பின்னால் வரும் ஹஸ்பண்ட் ஆண் என்பதால் ‘ஹிஸ் ஹஸ்பண்ட்’ என்று வந்துவிடும். யாருடைய கணவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவுடையவர், ஆகவே ‘ஹெர் ஹஸ்பண்ட்’.

அட்டவணையை மனப்பாடம் செய்து பயனில்லை, வாய்க்குத்தான் பழக்கம் வேண்டும். மேலே சொன்ன சாப்பிட்டாங்க, போட்டாங்க, தூங்கிட்டாங்க வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை மூன்று வாக்கியத்தையும் ‘மை மதர்-இன்-லா’ என்றே தொடங்கிச் சொல்லுங்கள். அடுத்த முறை முதல் வாக்கியத்தில் மட்டும் அதை வைத்து, மற்ற இரண்டிலும் ‘ஷீ’ போடுங்கள். அப்புறம் மாமனாரை வைத்து முழுவதையும் ‘ஹீ’ ஆக்குங்கள்.

இது சுலபமாக வந்ததும் இருவரையும் ஒரே கதைக்குள் கொண்டுவாருங்கள், ஏனென்றால் ஆள் மாறும் இடத்தில்தான் தவறு அதிகம். மாமனார் மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார், அவங்களுக்குக் கால் வலி, தன் கைத்தடியைக் கொடுத்தார். ‘ஹீ டுக் ஹெர் டு த டெம்பிள். ஷீ ஹேட் லெக் பெயின். ஹீ கேவ் ஹெர் ஹிஸ் ஸ்டிக்.’ கடைசி வாக்கியம் தட்டாமல் வருகிறதா? அப்படியானால் ஆட்களை மாற்றி, மாமியார் மாமனாரைக் கூட்டிப் போனதாகச் சொல்லுங்கள்.

நம் தவறு நம் காதுக்கே விழாது என்பதுதான் பெரிய தொல்லை. குடும்பப் படம் ஒன்றைப் பார்த்து ஒரு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தவறும்போதெல்லாம் மேசையைத் தட்டச் சொல்லுங்கள், ரொம்ப ஆசையாகச் செய்வார்கள்.

பேச்சின் நடுவே தவறினால் ‘சாரி, ஷீ’ என்று உடனே திருத்தினால் போதும். ஆம்புலன்சுக்குப் போன் செய்யும் அவசரத்தில் மட்டும் ஹீ, ஷீ இரண்டையுமே விட்டுவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘மை மதர்-இன்-லா’ என்றே சொல்லுங்கள்.