ஆப்ஷன் விலையைச் சராசரி போட்டுக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்கு விலையை ஜியோமெட்ரிக் பிரவுனியன் மோஷன் முறையில் ஓடவிட்டு, கிடைக்கும் வரவுகளைச் சராசரி போட்டு ஆப்ஷனின் மதிப்பைக் காண்பதற்குப் பத்து வரி நிரல் போதும். சிக்கல் என்னவென்றால், தவறாக எழுதிய பத்து வரியும் நம்பும்படியான ஓர் எண்ணையே தரும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கில் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் சிக்கலான ஆப்ஷனுக்குப் போகவேண்டும்.

அப்படி ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜோஹானஸ்பர்க் சந்தையில் ஒரு பங்கு இன்று 100 ரேண்ட். ஸ்ட்ரைக் விலை 105 ரேண்ட், தவணை ஒரு வருடம், தவணை நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய கால் ஆப்ஷன். வருட வாலட்டிலிட்டி 25%, தொடர் கூட்டுவட்டி 8%, டிவிடெண்ட் இல்லை. பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் தரும் விடை 11.41 ரேண்ட். நம் நிரலும் இதைத்தான் சொல்லவேண்டும்.

```python
import numpy as np
S0, K, r, sigma, T, n = 100.0, 105.0, 0.08, 0.25, 1.0, 1_000_000
rng = np.random.default_rng(7)
Z = rng.standard_normal(n)
ST = S0*np.exp((r - 0.5*sigma**2)*T + sigma*np.sqrt(T)*Z)
D = np.exp(-r*T)
pay = D*np.maximum(ST - K, 0)
print(pay.mean(), pay.std(ddof=1)/np.sqrt(n))
print((D*ST).mean())
```

அதிகம் பேர் வழுக்கும் இடம் `- 0.5*sigma**2`. வட்டி 8% என்றால் பங்கும் சராசரியாக 8% வளரவேண்டும், பிறகு எதற்கு அரை சிக்மா ஸ்கொயரைக் கழிப்பது என்று அதை விட்டுவிடுகிறார்கள். கழிக்கும் காரணத்தைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டியே இல்லை என்று வையுங்கள். Z ஒரு முறை +1, ஒரு முறை −1 வருகிறது. 25% வாலட்டிலிட்டியில் 100 ரேண்ட் பங்கு முதல் முறை 128.40 ஆகிறது, இரண்டாம் முறை 77.88 ஆகிறது. ஏறியது 28.40, இறங்கியது 22.12 மட்டுமே. இரண்டின் சராசரி 103.14. ஏற்றமும் இறக்கமும் சமமாகவே வந்தும், எக்ஸ்பொனென்ஷியல் வளைவு மேல்பக்கமாகத் தூக்கிவிடுவதால் மூன்று ரேண்டுக்கு மேல் சும்மா முளைத்துவிட்டது. எல்லா Z மதிப்புகளையும் சேர்த்தால் சராசரி 103.17. இந்த முளைப்பைத் துல்லியமாக வெட்டி எடுப்பதுதான் அந்தக் கழித்தல்.

அதை விட்டுவிட்டால் நம் கால் ஆப்ஷன் 13.38 ரேண்ட் என்று வரும். உண்மை விலையைவிட 17% அதிகம். ஆனால் 13.38 என்பது பார்த்ததும் சந்தேகம் வரும் எண் இல்லை. காட்டிக்கொடுப்பது நிரலின் கடைசி வரிதான். தவணை நாள் பங்கு விலையை வட்டியால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து சராசரி போட்டால், தொடங்கிய 100 ரேண்டே திரும்பி வரவேண்டும். பத்து லட்சம் பாதைகளில் இந்தச் சராசரி 99.95க்கும் 100.05க்கும் இடையில் நிற்பதுதான் இயல்பு. 103.17 வந்தால் கழித்தல் விடுபட்டிருக்கிறது. 96.92 வந்தால் இரண்டு சூத்திரங்களைக் கலந்துவிட்டீர்கள்: சிறு சிறு அடியாக `S*(1 + r*dt + sigma*sqrt(dt)*Z)` என்று பெருக்கிப் போகும் முறையில் எக்ஸ்பொனென்ஷியல் கிடையாது, அதனால் வெட்ட எதுவும் இல்லை. அங்கேயும் அரை சிக்மா ஸ்கொயரைக் கழித்தால் இல்லாத ஒன்றைக் கழித்ததாகும். டிவிடெண்ட் உள்ள பங்காக இருந்தால், திரும்பி வரவேண்டியது 100லிருந்து டிவிடெண்டின் இன்றைய மதிப்பைக் கழித்த தொகை.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது, நன்றாகப் படித்தவர்களும் செய்வது. பங்கின் பழைய விலைகளை எடுத்து, வருடத்துக்கு 14% வளர்ந்திருக்கிறது என்று கண்டு, `r` இருக்கும் இடத்தில் 0.14 போடுவது. பங்கு உண்மையில் எப்படி நகர்கிறதோ அப்படித்தானே ஓடவிடவேண்டும் என்ற எண்ணம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆப்ஷனின் விலையைத் தீர்மானிப்பது, அதை விற்றவர் தன்னைக் காத்துக்கொள்ள ஆகும் செலவு. நம் கணக்கில் விற்றவர் ஓர் ஆப்ஷனுக்கு 0.6 பங்கு வாங்கி வைத்துக்கொள்கிறார். அதற்கு ஏறக்குறைய 59.86 ரேண்ட் வேண்டும். அதில் 48.46 ரேண்ட் கடன். மீதி, சுமார் 11.4 ரேண்டை, ஆப்ஷன் வாங்கியவரிடமிருந்து பெறுகிறார். விலை நகர நகரப் பங்கின் அளவையும் கடனின் அளவையும் மாற்றிக்கொண்டே போகிறார். இதில் செலவாகும் வட்டி கடனுக்கானது. பங்கு 14% வளருமா, 4% வளருமா என்பது இந்தக் கணக்கில் எங்குமே நுழைவதில்லை.

14% வளர்ச்சியில் ஓடவிட்டு 8%ஆல் கழித்தால் விடை 15.39. அப்போது 100 ரேண்ட் சோதனை 106.18 காட்டித் தவறைச் சொல்லிவிடும். ஆனால் வளர்ச்சி, கழிவு இரண்டுக்குமே 14% போட்டால் விடை 14.50, சோதனையோ அழகாக 100 காட்டும்! இந்த ஓட்டையை அடைக்க இன்னொரு சோதனை வேண்டும். அதே பாதைகளில் அதே ஸ்ட்ரைக் விலைக்குப் புட் ஆப்ஷனையும் கணக்கிட்டு, கால் விலையிலிருந்து புட் விலையைக் கழியுங்கள். வருவது 100லிருந்து 105 ரேண்டின் இன்றைய மதிப்பான 96.93ஐக் கழித்த 3.07 ஆக இருக்கவேண்டும். 14% போட்டவருக்கு 8.72 வரும். இந்த 96.93ஐ மட்டும் உங்கள் நிரலிலிருந்து எடுக்காதீர்கள். சந்தை வட்டியிலிருந்து தனியாகக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் தவறை வைத்தே தவறைச் சரிபார்த்ததாகிவிடும்.

வட்டி என்றதும் தென்னாப்பிரிக்காவில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இங்கே திரையில் காணும் வட்டியோடு NACA, NACQ, NACM, NACC என்று ஒரு குறி ஒட்டியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை, தொடர்ச்சியாக என்று கூட்டுவட்டி சேரும் விதத்தை அது சொல்கிறது. `np.exp(-r*T)` கேட்பது NACC மட்டுமே. NACA 8.33% என்பதும் NACC 8% என்பதும் ஒன்றுதான். 0.0833ஐ அப்படியே போட்டால் நம் ஆப்ஷன் சுமார் 16 சென்ட் கூடிவிடும். மாற்ற `np.log(1 + 0.0833)` போதும். அதேபோல இந்தச் சந்தையில் பங்கு விலைகள் சென்டில் வரும். 10000 என்று இறக்கிய விலையோடு 105 ரேண்ட் ஸ்ட்ரைக்கைச் சேர்த்தால் விடை 9903 என்று வரும். நல்லவேளையாக இது உடனே கண்ணில் படும் தவறு.

சராசரியை எங்கே எடுப்பது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பாதைகளின் கடைசி விலைகளைச் சராசரி போட்டு, அந்த ஒற்றை எண்ணிலிருந்து 105ஐக் கழிக்கக்கூடாது. சராசரி விலை 108.33. அதிலிருந்து 105 போனால் 3.33, இன்றைய மதிப்பு 3.07. மேலே பார்த்த அதே 3.07! அதாவது 105 ரேண்டுக்கு வாங்கியே தீரவேண்டும் என்ற ஒப்பந்தத்தின் மதிப்பு. விலை இறங்கினால் வாங்காமல் விட்டுவிடும் உரிமைக்கு அதில் மதிப்பே போடப்படவில்லை. ஒவ்வொரு பாதையிலும் வரவை முதலில் கண்டுபிடித்து, பூச்சியத்துக்குக் கீழே போவதைப் பூச்சியமாக்கி, அதன்பிறகே சராசரி.

இப்போது பாதைகளின் எண்ணிக்கை. நம் ஆப்ஷனின் வரவு பாதைக்குப் பாதை மாறும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 17.94 ரேண்ட். ஆப்ஷனின் விலையைவிடவே பெரியது. பத்தாயிரம் பாதை ஓட்டினால் திட்டப் பிழை 0.18, எனவே 95% நம்பிக்கைக்கு இரண்டு பக்கமும் 35 சென்ட் இடம் விடவேண்டும். 11.41க்குப் பதில் 11.10 வந்தாலும் நிரலில் தவறு இருப்பதாகச் சொல்ல முடியாது, 11.70 வந்தாலும் அப்படியே. பத்து லட்சம் ஓட்டினால் அந்த இடம் மூன்றரை சென்ட். ஒரு சென்டுக்குள் கொண்டுவர ஒரு கோடியே 24 லட்சம் பாதை வேண்டும். பாதையை நூறு மடங்கு கூட்டினால்தான் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். திட்டப் பிழையைச் சொல்லாமல் "விலை 11.3872" என்று நான்கு தசமம் எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும். நல்ல எண் வரும்வரை `default_rng`இல் விதை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டுவதும் அப்படியே.

இந்தத் திட்டப் பிழை பார்ப்பது ரேண்டம் எண்களால் வரும் ஆட்டத்தை மட்டும்தான். அரை சிக்மா ஸ்கொயரை விட்டுவிட்டு பத்து லட்சம் பாதை ஓட்டினாலும், 13.38க்குப் பக்கத்தில் இரண்டு சென்ட் திட்டப் பிழை என்று அது அடித்துச் சொல்லும். பாதையைக் கூட்டக் கூட்டத் தவறான எண்ணின்மேல் உறுதிதான் கூடும். ஆகவே முதலில் 100 ரேண்ட் சோதனை, அடுத்து 3.07 சோதனை, அவை தேறியபின் பாதைகளைக் கூட்டுவது என்ற வரிசையில் போங்கள்.

ஒரு வருடத்தை 252 நாளாக உடைத்து ஓட்டினால் விடை துல்லியமாகும் என்றும் பலர் நினைக்கிறார்கள். தவணை நாள் விலையை மட்டும் பார்க்கும் ஆப்ஷனுக்கு மேலே உள்ள எக்ஸ்பொனென்ஷியல் வரி ஒரே தாவலில் சரியான பரவலைத் தருகிறது. 252 தாவல் நேரத்தைத்தான் தின்னும். அடிகள் தேவைப்படுவது வழியில் நடப்பதையும் பார்க்கும் ஆப்ஷனுக்கு. உதாரணமாக, விலை 80 ரேண்டைத் தொட்டால் செத்துப்போகும் கால் ஆப்ஷன். இதை வாரம் ஒரு புள்ளியாக 52 அடியில் ஓட்டினால், புதன்கிழமை 79க்குப் போய் வெள்ளிக்கிழமை 82க்குத் திரும்பிய பாதை உயிரோடு இருப்பதாகவே கணக்கில் சேரும், விலை கூடும். எல்லை 78.40இல் இருப்பதுபோல நிரல் நடந்துகொள்கிறது. இதைச் சரிக்கட்ட நிரலில் எல்லையை `80*np.exp(0.5826*sigma*np.sqrt(1/52))`, அதாவது 81.63 என்று உயர்த்தி வைப்பது வழக்கம். அதற்குமுன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எல்லையைத் தினமும் சந்தை முடியும் விலையில்தான் பார்ப்போம் என்று அதில் எழுதியிருந்தால், தினம் ஓர் அடி வைப்பதே சரியான கணக்கு, 80ஐத் தொடவே வேண்டாம்.