பிரஷர் விழுந்தால் டொபியூட்டமைனா? ஒரே நோயாளியிடம் இரண்டு முறை தவறிய கணக்கு

பெரும்போக வெள்ளாமை வெட்டு முடியும் காலம். படுவான்கரைப் பக்கமிருந்து நாற்பத்தெட்டு வயது வயற்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நாள் காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் இரண்டும் சிவப்பு. எலிக்காய்ச்சல் என்று வாசலில் வைத்தே சொல்லிவிடலாம். குருதி அமுக்கம் 78/36, நாடி 118. ஒன்றரை லீற்றர் சேலைன் போயும் அமுக்கம் அசையவில்லை. நுரையீரலின் அடியில் மெல்லிய கரகரப்பு வேறு கேட்கத் தொடங்கியிருந்தது.

நான் அப்போது பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆன வைத்தியன். எலிக்காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கும் என்று படித்தது தலையில் நின்றது. சரி, இதயம் சோர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, டொபியூட்டமைனை நிமிடத்துக்கு, உடல் எடையின் கிலோவொன்றுக்கு 5 மைக்கிரோகிராம் வீதம் ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் அமுக்கம் 70/28, நாடி 146.

வைத்திய நிபுணர் வந்ததும் மொனிட்டரைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைப் பிடித்தார். “தம்பி, கால் சுடுது. இதுக்கு ஏன் டொபியூட்டமைன்?” என்றார்.

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. கீழ் எண் 36 என்றால் குழாய்கள் தளர்ந்து கிடக்கின்றன என்று பொருள். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அமுக்கத்தைத் தாங்கி நிற்பது நாடிக்குழாய்களின் இறுக்கம்தான். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 42 இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ஓரளவு குருதியைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. பாதம் சூடு, நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு செக்கனில் சிவப்பு திரும்புகிறது. பம்பில் பெரிய பிழை இல்லை, குழாயில்தான் பிழை.

இனி மருந்துகளைப் பார்க்கலாம். நோர்அட்ரினலின் முக்கியமாகப் பிடிப்பது நாடிக்குழாய்ச் சுவரிலுள்ள அல்பா-1 வாங்கியை. சுவர்த் தசை சுருங்கும், குழாய் இறுகும், கீழ் எண் ஏறும். இதயத்தின் பீற்றா-1 வாங்கியையும் அது ஓரளவு தூண்டும். ஆனாலும் நாடி பெரிதாக ஏறாது. அமுக்கம் ஏறியதைக் கழுத்திலுள்ள அமுக்க உணரிகள் கண்டு, வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகத்தை அடக்கிவிடும். டொபியூட்டமைனின் பிடி வேறு. அதற்குப் பிரதானம் பீற்றா-1: இதயம் பலமாகவும் வேகமாகவும் சுருங்கும். கூடவே பீற்றா-2 வாங்கியையும் தொடுவதால் குழாய்கள் இன்னும் சற்றுத் தளரும். இதயம் தள்ளும் அளவு கூடினாலும், குழாய் தளர்வது அதைவிடக் கூடினால் அமுக்கம் விழும். என் நோயாளிக்கு நடந்தது அதுதான். நாங்கள் பேச்சில் இரண்டையும் ‘பிரஷர் மருந்து’ என்றுதான் சொல்கிறோம். பிழையின் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. டொபியூட்டமைன் அமுக்கத்தை ஏற்றும் மருந்தே அல்ல, குருதியோட்டத்தைக் கூட்டும் மருந்து.

டொபியூட்டமைனை நிறுத்தி, நோர்அட்ரினலினை அதேபோல நிமிடத்துக்கு, கிலோவொன்றுக்கு 0.1 மைக்கிரோகிராமில் தொடங்கினோம். கழுத்து லைன் போடும்வரை காத்திருக்கவில்லை. முழங்கை மடிப்பில் நன்றாக ஓடும் பெரிய ஊசி ஒன்று இருந்தது, அது கொஞ்ச நேரத்துக்குப் போதும். புறங்கையிலுள்ள சிறிய ஊசியில் மட்டும் வேண்டாம். மருந்து வெளியே கசிந்தால் தோல் வெளிறிக் குளிர்ந்து, பிறகு கறுத்துச் செத்துப்போகும். டொபியூட்டமைன் நின்ற சில நிமிடங்களில் நாடி இறங்கியது. இரண்டு மருந்துக்கும் ஆயுள் நிமிடக் கணக்குத்தான். பிழையைத் திருத்த அது வசதி. சிரிஞ்ச் முடிந்துபோனால் அதுவே ஆபத்து. இரவுக்குள் அளவை 0.4 வரை ஏற்ற வேண்டியிருந்தது, ஆனால் சராசரி அமுக்கம் 65-க்கு மேல் நின்றது.

அப்புறம்தான் இரண்டாவது பிழை. மறுநாள் காலை அமுக்கம் 96/76. சராசரி கிட்டத்தட்ட 83. நான் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்த மனைவிதான் கூப்பிட்டார்: “மகன், இவருக்குக் கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு, ஒருக்காப் பாருங்க.” உண்மைதான். முழங்கால்வரை குளிர், தோலில் திட்டுத் திட்டாக ஊதா நிறம், நகத்தில் சிவப்பு திரும்ப ஐந்து செக்கன். மணிக்கு 15 மில்லிலீற்றர் சிறுநீர். லக்டேற்று முதல் நாளைவிடக் கூடியிருந்தது.

எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி வெறும் 20. குழாய்கள் இப்போது இறுகித்தான் இருக்கின்றன, இதயம் தள்ளுவதுதான் குறைந்துவிட்டது. எக்கோவில் இடது அறை சோம்பலாக அசைந்தது. நான் முதல் நாளே எதிர்பார்த்த இதயத் தசை அழற்சி ஒரு நாள் பிந்தி வந்திருந்தது. இந்த நிலையில் நோர்அட்ரினலினை இன்னும் ஏற்றினால், களைத்த இதயம் இன்னும் இறுகிய குழாய்க்கு எதிராகத் தள்ள வேண்டிவரும். மொனிட்டரில் எண் அழகாக இருக்கும், கால் இன்னும் குளிரும்.

நோர்அட்ரினலினைப் படிப்படியாக 0.2-க்கு இறக்கி, டொபியூட்டமைனை 2.5-இல் சேர்த்தோம். முதல் நாள் ஆளைக் கவிழ்த்த அதே மருந்து, இன்று வேலை செய்தது. மதியம் அமுக்கம் 98/58. சராசரி 83-இலிருந்து 71-க்கு இறங்கியிருந்தது, ஆனால் பாதம் இளஞ்சூடு, சிறுநீர் மணிக்கு 40.

இதை வைத்து, குளிர்ந்த கால் என்றால் எப்போதும் டொபியூட்டமைன்தான் என்று எடுத்துவிடாதீர்கள். மாரடைப்பினால் இதயம் சோர்ந்து, மேல் எண் 70-இல் நிற்கும் ஒருவருக்குத் தனி டொபியூட்டமைன் கொடுத்தால், அது தளர்த்தும் கொஞ்சமும் அவருக்குத் தாங்காது. இதயத்தின் தசைக்கு, அதிலும் இடது அறைக்கு, குருதி போவது பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில். கீழ் எண்ணைத் தாங்கிப்பிடிக்க முதலில் நோர்அட்ரினலின், அமுக்கம் நின்றபின் டொபியூட்டமைன். டெங்குவில் குழாய்க்குள் இருந்த திரவம் வெளியே கசிந்தும் கால் குளிரும். அங்கே குறைவது குருதியின் அளவு. அதை நிரப்பாமல் எந்த மருந்துப் பம்பை ஓடவிட்டும் பயனில்லை.

மருந்தைச் சரியாகத் தேர்ந்தபின்னும் சிரிஞ்சில் பிழை விடலாம். 50 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம் நோர்அட்ரினலின் கலந்தால், ஒரு மில்லிலீற்றரில் 80 மைக்கிரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.2 என்பது நிமிடத்துக்கு 12, மணிக்கு 720 மைக்கிரோகிராம், பம்பில் மணிக்கு 9 மில்லிலீற்றர். இரவு மாற்றத்தில் ஒருவர் 8 மில்லிகிராம் கலந்து வைத்துவிட்டு அதே 9-இல் ஓடவிட்டால் அளவு இரட்டிப்பாகும். குப்பியின் லேபிளையும் முழுதாக வாசியுங்கள். அதில் எழுதியிருக்கும் அளவு உப்பின் எடையா, மருந்தின் எடையா என்று பாருங்கள். பைரார்ற்றரேற்று உப்பு 8 மில்லிகிராம் என்பது நோர்அட்ரினலின் 4 மில்லிகிராம்தான்.

இன்னொன்று, அந்த லைனில் வேறு எந்த ஊசியையும் தள்ளாதீர்கள். குழாயில் நிற்கும் நோர்அட்ரினலின் ஒரே மூச்சில் உள்ளே போய் மேல் எண் 200-ஐத் தாண்டும். எங்கள் விடுதியின் மூத்த தாதி ஒருவர் அந்தக் குழாயில் சிவப்பு பிளாஸ்ரர் சுற்றி வைப்பார். யாராவது அன்டிபயோற்றிக்கோடு அதன் பக்கம் போனால், “அதில கை வைக்காதீங்க, டொக்டர்” என்று தூரத்திலிருந்தே குரல் வரும்.