ஆப்பில் 'Delivered', கையில் ஒன்றுமில்லை: காணாமல் போன பார்சலுக்குப் பணம் வாங்குவது எப்படி

வெள்ளிக்கிழமை மதியம் 2.40க்கு டெலிவரி தம்பியிடமிருந்து போன். "மேடம், வீடு பூட்டியிருக்கு, என்ன பண்ணட்டும்?" நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். "கேட்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். 3.05க்கு ஆப்பில் `Delivered` என்று வந்தது. ராத்திரி ஏழரைக்குக் கேட்டில் போய் நின்றால், "என்கிட்ட யாரும் எதுவும் குடுக்கலையேம்மா" என்கிறார் அவர். 4,299 ரூபாய் மிக்ஸி. பணம் ஆர்டர் போட்ட அன்றைக்கே யூபிஐயில் போயாச்சு.

ஒன்பதாம் நாள் முழுப் பணமும் திரும்பி வந்தது. அதில் நாலு நாள் நானே சொதப்பியதில் வீணானது. அந்தச் சொதப்பலை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இது இந்தியாவில் ஆன்லைனில் வாங்கும் பொருள்களுக்கான வழி.

1. அன்றைக்கே ஆதாரத்தைப் பிடியுங்கள்

ஆர்டர் பக்கம், டெலிவரி ஆன நேரம், வாங்கியவர் பெயர் என்று ஏதாவது போட்டிருந்தால் அது, போனில் அழைப்பு வந்த நேரம், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டெலிவரி செய்தவர் எடுத்த போட்டோ ஆப்பில் இருந்தால் அதை முதலில் எடுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்தப் போட்டோதான். பழுப்புக் கதவு, பச்சை மிதியடி, பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா, மிதியடி மேல் என் பார்சல். எங்கள் வீட்டு வாசலில் இரும்பு கிரில் கேட் உண்டு. அந்தப் படத்தில் கிரில்லே இல்லை. நாங்கள் இருப்பது சி பிளாக் 304. பார்சல் போனது பி பிளாக் 304. ஆள் குடியில்லாத வீடு, பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பார்க்கும்போது மிதியடிதான் இருந்தது.

அடுத்தது செக்யூரிட்டி அறையில் நூலில் பேனா கட்டித் தொங்கும் அந்தப் பார்சல் நோட்டு. அன்றைய தேதியில் மதியம் 2 மணிக்கு மேல் நாலு பதிவு இருந்தது, எங்கள் வீட்டு எண் இல்லை. அந்தப் பக்கத்தை முழுசாக, மேலே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன். சிசிடிவி இருந்தால் அசோசியேஷன் ஆளை அன்றைக்கே பிடியுங்கள். பழைய பதிவின் மேல் புதிது எழுதிக்கொண்டே போகும். "நாளைக்கு எடுத்துத் தரேன்" என்றால் விடாதீர்கள், திரையில் ஓடவிட்டு உங்கள் போனிலேயே வீடியோ எடுங்கள். அது போதும்.

2. "அங்கே வை" என்று சொன்னது யார்?

நஷ்டம் யார் தலையில் விடியும் என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. நான் சொன்னது செக்யூரிட்டியிடம். அவர் நான் காட்டிய ஆள். பார்சல் அவர் கைக்குப் போய், அதற்கப்புறம் தொலைந்திருந்தால், எனக்குக் கிடைத்த மாதிரிதான் கணக்கு. விற்றவரிடம் கேட்க எனக்கு வலுவான வாதம் இருந்திருக்காது. ஆனால் நான் சொல்லாத வாசலில் வைத்துவிட்டுப் போனால் அது எனக்குக் கொடுத்தது ஆகாது.

கஸ்டமர் கேரில் சிலர் இன்னொரு கதை சொல்வார்கள்: "நாங்க கூரியர்கிட்ட ஒப்படைச்சாச்சு, எங்க வேலை முடிஞ்சது." இது முழுக் கட்டுக்கதையும் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், 39ஆவது பிரிவு, கொண்டுபோய்ச் சேர்ப்பவரிடம் பொருளைக் கொடுத்தாலே வாங்கியவரிடம் கொடுத்ததாக முதல் பார்வையில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. முதல் பார்வையில் மட்டும்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒப்பந்தம்தான் நிற்கும். வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லி, கூரியரையும் அவர்களே வைத்து, அதற்குக் கட்டணமும் வாங்கும் தளம் இந்த வரிக்குப் பின்னால் ஒளிவது கஷ்டம். ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்காதது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. என் புகார் முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் ஓடியது.

3. சரியான பட்டனை அமுக்குங்கள் (நான் விழுந்த குழி)

உதவிப் பக்கத்தைத் திறந்ததும் `Item missing` என்று ஒன்று இருந்தது. பொருளைக் காணோம், அதைத்தானே அமுக்குவோம்? அமுக்கினேன். "பெட்டியின் ஆறு பக்கமும் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பவும்" என்று பதில் வந்தது. பெட்டியே வரவில்லை என்று எழுதினேன். மறுபடியும் அதே பதில். நாலாம் நாள், "போதிய ஆதாரம் தராததால் கோரிக்கை மூடப்பட்டது" என்றார்கள்.

அந்தப் பட்டன் வேறு விஷயத்துக்கானது: பெட்டி வந்து, உள்ளே ஒரு பொருள் குறைந்தால் அமுக்க வேண்டியது. அதற்குப் பெட்டி படம், எடை, பில் என்று தனிச் சோதனை. நமக்கு வேண்டியது, டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது ஆனால் வரவில்லை என்ற பொருளில் இருக்கும் இன்னொன்று. என் ஆப்பில் அது இரண்டு திரை உள்ளே, ஆர்டர் கண்காணிப்புப் பக்கத்தின் அடியில் இருந்தது. அதில் போனால்தான் கூரியர் தரப்பை விசாரிப்பார்கள், டெலிவரி செய்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியைப் பார்ப்பார்கள். தப்பான வழியில் மூடப்பட்ட புகாரை மறுபடி திறக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். புதிதாக ஒன்று போடுங்கள்.

போனில் பேசுவது எனக்குப் பிடிக்காது. பேசிய பேச்சுக்கு நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. சாட்டில் பேசினால் முடிந்ததும் முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மெயில் அதைவிட உத்தமம். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

> இந்த ஆர்டர் எனக்கோ, நான் சொன்ன நபருக்கோ கொடுக்கப்படவில்லை. 2.40 மணி அழைப்பில் செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். உங்கள் டெலிவரி போட்டோவில் இருப்பது என் வீட்டு வாசல் இல்லை. என் வாசல் படமும் செக்யூரிட்டி பதிவேட்டின் பக்கமும் இணைத்துள்ளேன். இது சேவைக் குறைபாடு. 4,299 ரூபாயைத் திருப்பித் தரவும்.

கோபம், "உங்க தளத்துல இனிமே வாங்கவே மாட்டேன்" எதுவும் வேண்டாம். இரண்டு வாசல் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக ஆக்கினேன். பார்க்கிறவர் இரண்டு கோப்பைத் திறந்து ஒப்பிட மாட்டார்.

4. குறைதீர்ப்பு அதிகாரி

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தத் தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயர், தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் `Grievance Officer` என்று தேடுங்கள். மேலே உள்ள மெயிலையே அவருக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது இங்கிருந்துதான்.

எனக்கு இதற்கு மேல் போகவில்லை. போக வேண்டியிருந்தால் 1915க்கு அழைக்கலாம், அல்லது `consumerhelpline.gov.in` தளத்தில் பதியலாம். அவர்கள் நிறுவனத்திடம் எடுத்துச் சொல்வார்கள், உத்தரவு போட மாட்டார்கள். உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், `e-jagriti.gov.in` வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

சேர்த்தது: ஓடிபி சொல்லியாச்சு என்றால்

கமென்டில் ஒருவர் கேட்டிருந்தார்: "கீழே நிக்கிறேன், ஓடிபி சொல்லுங்க என்றார், சொல்லிவிட்டேன், பார்சல் வரவில்லை." இது சிக்கல்தான். ஓடிபி கொடுத்தால் பொருளை வாங்கிக்கொண்டதாகத்தான் அவர்கள் பதிவில் நிற்கும். ஓடிபி சொன்ன நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை என்று காட்ட ஆபீஸ் வருகைப் பதிவு, அந்த நேரத்து அழைப்புப் பட்டியல், சிசிடிவி என்று எது கிடைத்தாலும் இணையுங்கள். இனிமேல் பெட்டி கைக்கு வந்த பிறகுதான் நம்பர் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளில்லையா? "நாளைக்குக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிடுவதே நல்லது.

இன்னொன்று: மறந்துபோன குறிப்பு

வேறொரு வாசகர் என்னைப் போலவே சண்டை போட்டுவிட்டு, கடைசியில் தன் முகவரிப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். கொரோனா காலத்தில் போட்ட 'வாசலில் வைத்துவிடவும்' குறிப்பு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தளம் அதைக் காட்டி, நீங்கள் சொன்னபடிதான் வைத்தோம் என்றுவிட்டது. அவரால் பதில் சொல்ல முடியவில்லை. புகார் எழுதும் முன்னால் உங்கள் முகவரிக் குறிப்பை ஒரு முறை பாருங்கள்.

எதிர்வீட்டு அக்கா வாங்கி வைத்துத் தொலைந்தால்

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். நீங்கள் சொல்லி அக்கா வாங்கியிருந்தால் தளத்திடம் கேட்க முடியாது. அக்காவிடம் கேட்கலாமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, பிறர் பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது. காசு வாங்காமல் வைத்திருந்தாலும் இதே அளவுதான். அவ்வளவு பார்த்தும் தொலைந்தால் அவர் பொறுப்பில்லை என்கிறது அடுத்த பிரிவு. ஆக, ஹாலில் வைத்திருந்து வீட்டில் திருட்டுப் போனால் ஒன்றும் கேட்க முடியாது. வாங்கிய பெட்டியை வெளியே செருப்பு ஸ்டாண்டு மேல் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் சட்டப்படி கேட்கலாம். ஆனால் 900 ரூபாய்ப் பெட்டிக்காகத் தினம் முகம் பார்க்கிற வீட்டோடு வழக்கா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் கேட்க மாட்டேன்.

நீங்கள் சொல்லாமலே டெலிவரி ஆள் அக்காவிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தால் கதை வேறு. அதற்கு மேலே உள்ள 3ஆவது வழியேதான். அக்காவிடம் அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் வாங்கினாரா இல்லையா, எப்போது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி.