தப்பான எண்ணுக்கும் ஓர் உறை

பத்தாம் வகுப்பு வேதிவினைப் பாடத்தைத் திருப்பிப் படிக்க, பூட்டைத் திறந்து தப்பிக்கும் விளையாட்டு வைக்கிறீர்களா? சமன்பாட்டின் கெழுக்களையே பூட்டு எண்ணாக்குங்கள். அட்டையில் வாய்பாடு வேண்டாம்; "செஞ்சூடான இரும்பின் மேல் நீராவி" என்று மட்டும் எழுதுங்கள்.

3Fe + 4H₂O → Fe₃O₄ + 4H₂

எண் 3414. எழுதாமல் விட்ட இடத்தில் 1 என்று முன்பே சொல்லிவிடுங்கள். கெழுக்கள் மிகச் சிறிய முழு எண்களாக இருக்கவேண்டும். இல்லையென்றால் 6828 என்று வந்து சண்டை பிடிப்பார்கள், அதுவும் சமன்தானே!

என் கணக்கில் விளையாட்டின் உயிரே தப்பான விடைதான். Fe₂O₃ என்று நினைத்த குழுவுக்கு 2313 வரும், FeO என்றால் 1111. அந்த எண்களிட்டும் உறைகள் வையுங்கள். 2313-க்குள் ஒரே வரி: "கிடைப்பது செந்துரு அல்ல, கறுப்பு ஆக்சைடு." பூட்டு வாங்கவே தேவையில்லை, உறைகளே போதும்.