மூன்றாண்டுச் செயற்றிட்டம், இரண்டாண்டு வேலை: என்.ஜி.ஓ. வேலையை எடைபோடும்போது நேரும் தவறுகள்

கொழும்பில் என்.ஜி.ஓ. வேலைக்கு நேர்முகப் பரீட்சை முடித்து வருகிறவர்களிடம் "எத்தனை வருட வேலை?" என்று கேட்டால், பெரும்பாலும் செயற்றிட்டத்தின் வயதைத்தான் சொல்கிறார்கள். "மூன்று வருடப் புரொஜெக்ட்" என்பார்கள். செயற்றிட்டத்தின் வயது வேறு, அதில் நமக்குக் கிடைக்கும் காலம் வேறு. மற்றத் தவறுகள் பலவும் இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பட்டதாரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். இராஜகிரியவில் உள்ள ஒரு நிறுவனம் அவருக்குச் செயற்றிட்ட அலுவலர் பதவியைத் தர முன்வருகிறது. "மூன்றாண்டு நிதி உறுதியாகிவிட்டது, மொத்தச் சம்பளம் 240,000 ரூபாய்" என்கிறார்கள். நாவலவில் இருக்கும் பழைய உள்ளூர் நிறுவனம் ஒன்றும் அவரை அழைத்திருக்கிறது. அங்கே அடிப்படைச் சம்பளம் 170,000. எழுபதாயிரம் வித்தியாசத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். இராஜகிரிய நிறுவனம் நிதி வழங்குநரோடு செய்த ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 1 இல் தொடங்கி 2028 மார்ச் 31 இல் முடிகிறது. கையெழுத்தான மறுநாளே வேலை தொடங்கிவிடுவதில்லை. முதல் தவணைப் பணம் வரவேண்டும், மாவட்டச் செயலகங்களின் அனுமதி வேண்டும், பிறகுதான் ஆள் சேர்ப்பு. இந்தப் பெண் கதிரையில் அமரும்போது 2026 பெப்ரவரி ஆகிவிடும். ஆக மீதி 26 மாதம். கடைசி மூன்று மாதம் கணக்கு முடிப்பதற்கும் இறுதி அறிக்கைக்கும் உரியது என்பதால், களப்பணி சார்ந்த பதவிகளுக்கு வரவு செலவுத் திட்டத்தில் 2027 டிசம்பர் வரைதான் சம்பளம் ஒதுக்கியிருப்பார்கள். அப்படியானால் 23 மாதம். மூன்றாண்டு என்று கேள்விப்பட்டது இரண்டாண்டுக்கும் குறைந்துவிட்டது. இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "நிதி எந்தத் திகதியில் முடிகிறது, என் பதவிக்கான சம்பளம் எந்த மாதம் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது?" என்பது. இரண்டும் ஒன்றல்ல. இதோடு, சம்பளம் முழுவதும் ஒரே கொடையிலிருந்து வருகிறதா என்றும் கேட்க வேண்டும். அறுபது வீதம் ஒரு கொடையிலும் நாற்பது வீதம் இன்னொன்றிலும் எழுதியிருந்தால், இரண்டாவது கொடை முதலில் முடியும் நாளில் அந்த நாற்பது வீதம் எங்கிருந்து வரும்? இதற்கு நிதி முகாமையாளர் திகதியோடு பதில் சொன்னால் நல்லது. "அதைப் பார்த்துக்கொள்வோம்" என்றால், இன்னும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

"காலம் நீடிக்கப்படும், கவலைப்படாதீர்கள்" என்ற பேச்சும் வரும். பெரும்பாலும் கிடைப்பது மேலதிகப் பணமில்லாத கால நீடிப்பு. செலவாகாமல் மிஞ்சிய தொகையில் இன்னும் சில மாதம் ஓட்டுவார்கள். எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க அது போதாது. இணைப்பாளரும் கணக்காளரும் தங்கிவிட, மற்றவர்கள் போய்விடுவது வழக்கம்.

அடுத்தது சம்பளம். "மொத்தம்" என்ற சொல் எதையெல்லாம் விழுங்குகிறது என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழில் தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். இவை சம்பளத்துக்கு மேலதிகமானவை. ஆனால் கொடையின் வரவு செலவுத் திட்டத்தில் பதவிக்கு ஒரே வரிதான் இருக்கும் என்பதால், சில நிறுவனங்கள் அந்த 15 வீதத்தையும் சேர்த்து 240,000 என்று சொல்லிவிடுகின்றன. அப்படியானால் உண்மைச் சம்பளம் ஏறத்தாழ 208,700. அதில் ஊழியரின் 8 வீதம் கழிய 192,000 வரும். மாதம் 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 6 வீத வருமான வரியும் போனால் கைக்கு வருவது சுமார் 188,500. நாவல நிறுவனத்தின் 170,000 அடிப்படைச் சம்பளமாக இருந்து, 15 வீதத்தை அவர்கள் தனியாகச் செலுத்தினால், அங்கே கைக்கு வருவது சுமார் 155,200. எழுபதாயிரமாகத் தெரிந்த இடைவெளி முப்பத்து மூவாயிரமாகிவிட்டது.

ஆலோசகர் என்ற பெயரில் ஒப்பந்தம் எழுதினால் சேமலாப நிதியமே இராது. முழுநேரமாக அலுவலகத்தில் இருத்தி, வரவுப் பதிவும் வைத்து, ஆலோசகர் என்று அழைப்பது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் வழக்கம்.

பணிக்கொடையையும் மறக்க வேண்டாம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு சேவை நிறைவு செய்தவருக்கே, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அது உண்டு. 23 மாத வேலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தங்களை அடுத்தடுத்துப் புதுப்பித்து ஐந்து ஆண்டைத் தாண்டியவர்கள் அங்கே இருக்கிறார்களா, ஒப்பந்தங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்களா என்று பழைய ஊழியர் ஒருவரிடம் விசாரிப்பது நல்லது. சம்பள ஏற்றத்தையும் அவரிடமே கேட்கலாம். நிறுவனத்துக்கென்று சம்பளத் திட்டம் இருந்தால் ஆண்டு ஏற்றம் உண்டு. இல்லையென்றால் கொடையில் எழுதிய தொகைதான் கடைசிவரை. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, டொலரில் நிதி பெற்ற நிறுவனங்களிலும் ரூபாயில் சம்பளம் வாங்கியவர்களுக்குத் தானாக எதுவும் கூடிவிடவில்லை. நிறுவனம் தானே முன்வந்து ஏதாவது கொடுத்ததா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இனி நிதி மூலம். இணையத்தளத்தில் ஆறு இலச்சினைகளைப் பார்த்தவுடன் ஆறு தூண்கள் என்று நம்பிவிடுகிறோம். ஒரே வெளிநாட்டு அரசின் பணம் ஒரு சர்வதேச நிறுவனம் வழியாகவும், ஓர் ஐ.நா. அமைப்பு வழியாகவும், தனியார் ஒப்பந்த நிறுவனம் வழியாகவும் வந்தால் இலச்சினை மூன்று, மூலம் ஒன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவிடமிருந்து நேரடியாக ஒரு சதமும் வாங்காத, உப கொடையில் இயங்கிய நிறுவனங்களுக்கும் வேலையை நிறுத்தும்படி அறிவித்தல் போனது. ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டு மீதி இருந்ததால் எந்தப் பயனும் இல்லை. "நிதி கிடைப்பதற்கு உட்பட்டு" என்ற வாசகம் நியமனக் கடிதத்தில் இருந்தால், அதன் பக்கத்தில் முன்னறிவித்தல் காலம் எவ்வளவு என்று பாருங்கள். இந்தத் துறையில் ஒரு மாதம் என்பது சர்வசாதாரணம்.

நிறுவனத்தின் கணக்காய்வு அறிக்கை கிடைத்தால் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, வருமானக் குறிப்பில் மிகப் பெரிய நிதி வழங்குநரின் பங்கு. பாதிக்கு மேல் என்றால் அவர் போனால் அலுவலகமே ஆடும். மற்றது, குறிப்பிட்ட செயற்றிட்டத்துக்கென்று கட்டப்படாத பொது நிதியின் இருப்பு. ஆண்டுச் செலவு 9 கோடி என்றால் மாதத்துக்கு 75 இலட்சம். பொது நிதியில் 60 இலட்சம்தான் இருக்கிறது என்றால், ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் நடுவே ஒரு மாதம்கூட ஊழியரை வைத்திருக்க அவர்களால் முடியாது. நாவல நிறுவனத்தின் இருப்பு ஆறு மாதச் செலவுக்குப் போதுமானதாக இருந்தால், அந்த முப்பத்து மூவாயிரத்தை இதோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும். அறையும் கடனும் அழுத்தும் ஒருவர் அப்போதும் இராஜகிரியவைத் தெரிவு செய்யலாம். அதில் தவறில்லை, 23 மாதம் என்று தெரிந்து தெரிவு செய்தால்.

இவற்றையெல்லாம் முதல் நேர்முகப் பரீட்சையில் கேட்டு முகத்தைக் கடுப்பாக்க வேண்டியதில்லை. தெரிவாகிவிட்டீர்கள் என்று தொலைபேசியில் சொன்ன பிறகு, நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் இதற்கு ஏற்றது. "வரைவுக் கடிதத்தை அனுப்புங்கள், அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகவும் நிதி முடியும் திகதியையும் அதில் குறிப்பிடுங்கள்" என்று மின்னஞ்சலில் கேட்டால், முறையாக நடக்கும் நிறுவனத்தில் மனிதவள அலுவலர் அன்று மாலைக்குள் அனுப்பிவிடுவார்.