குழுவில் வரும் அபராதச் செயலியை நிறுவ வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழு எதிலாவது `RTO Challan.apk` என்ற கோப்பு வந்தால், அனுப்பியவர் நெருங்கிய உறவினரே ஆனாலும், அதைத் தொடாமல் நீக்கிவிட்டு, வண்டிக்கு அபராதம் உண்டா என்பதை `echallan.parivahan.gov.in` தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பாருங்கள்.

அந்தக் கோப்பு அபராதச் சீட்டு அன்று. பிளே ஸ்டோரின் சோதனைக்கு உட்படாமல் வரும் ஒரு செயலி. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படுமுன்பே மோசடிக்காரரிடம் போய்ச் சேரும். பெரும்பாலும் அதே கோப்பு உங்கள் பெயரிலேயே மற்ற குழுக்களுக்கும் பரவும் என்பதால்தான், அனுப்பியவர் தெரிந்தவர் என்பதை நம்பக்கூடாது என்கிறேன்.

கோப்பு வெறுமனே பதிவிறங்கியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அழித்தால் போதும். ஐபோனில் இவ்வகைக் கோப்பு இயங்காது. ஏற்கெனவே நிறுவியிருந்தால், உடனே இணையத்தைத் துண்டித்து, சிம்மைக் கழற்றிவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கும் தெரிவியுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து, வெளியிட்டவர் பெயரைச் சரிபார்த்து நிறுவிய அரசுச் செயலிகளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.