கல்யாண வீடியோவை வெளி எடிட்டரிடம் கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முகூர்த்தம். படம் பிடிப்பதை நாம் பார்த்துக்கொண்டு, எடிட்டிங்கை கோயம்புத்தூரில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதல் இரண்டு கல்யாணம் நேரத்துக்கு வரும். மூன்றாவதிலிருந்து தேதி தள்ளிப்போகும். பெரும்பாலும் எடிட்டரின் கைத்திறன் இதற்குக் காரணமாக இருக்காது. நாம் என்ன சொல்லி அனுப்பினோம், எப்படித் திருத்தம் கேட்டோம், கோப்புகளை எந்த நிலையில் கொடுத்தோம் என்ற மூன்று இடங்களில்தான் நாள்கள் கரைகின்றன.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் தோட்டத்துக் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்தில் விருந்து. இரண்டு கேமராவும் சேர்த்து நான்கு மணி நேரப் பதிவு. வீட்டார் கேட்பது எட்டு நிமிடத் தொகுப்பு ஒன்று, முழு வீடியோ ஒன்று.

“நல்லா பண்ணிடுங்க” என்பது குறிப்பு ஆகாது

எடிட்டருக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் தெரியாது. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு சிரிப்பவர் பெண்ணின் பெரியம்மாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அழகான ஷாட்டை எடுப்பார். பெண்ணை வளர்த்த பெரியம்மா வெட்டுப்படுவார். அதன் பிறகு எவ்வளவு நன்றாக எடிட் செய்திருந்தாலும் அந்த வீடியோ அந்த வீட்டில் நிற்காது.

ஆகவே குறிப்பில் முதலில் இருக்க வேண்டியது முகப் பட்டியல். படம் பிடித்த அன்றே வீட்டாரோடு உட்கார்ந்து, கட்டாயம் வரவேண்டிய பத்துப் பதினைந்து பேரின் முகத்தைப் பதிவிலிருந்தே நிலைப்படமாக எடுத்து, எண் போட்டு, உறவையும் எந்த கிளிப்பில் இருக்கிறார் என்பதையும் எழுத வேண்டும். “4: பெண்ணின் பெரியம்மா, நலுங்கு வைக்கிறார், `A_C0031`” என்று இருந்தால் போதும். மாலை மாற்றல், தாலிகட்டு, அம்மி மிதித்தல், விருந்தில் தாத்தாவின் பேச்சு என்று எந்தக் காட்சியை வெட்டாமல் முழுதாக விட வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர்கள். அடையாள அட்டையில் உள்ள மலாய் எழுத்துப் பெயரை அப்படியே அனுப்புவது பெரிய தவறு. நம் ஊர் எழுத்துமுறையைக் கோயம்புத்தூரில் படிப்பவர் வேறு மாதிரி உச்சரித்துத் தமிழில் தட்டிவிடுவார். ‘அனாக் லெலாக்கி’யைக் குறிக்கும் இரண்டு எழுத்தை இனிஷியல் என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பெயர்களைத் தமிழில், யூனிகோடில் தட்டி, வீட்டாரிடம் ஒருமுறை காட்டி, எழுத்தாகவே அனுப்புங்கள். பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பினால் அதைப் பார்த்து அவர் மறுபடி தட்ட வேண்டும், அங்கே ஒரு கால் விட்டுப்போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரீமியரில் தலைப்பு போடும்போது எழுத்து எஞ்சின் `South Asian and Middle Eastern` என்று வைக்கப்படாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். ‘செல்வி’ என்ற பெயரில் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய்விடும். தமிழ் படிக்கத் தெரிந்த எடிட்டர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். வேலையை அவர் வேறு ஒருவரிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் அப்படியே நமக்கு வந்து சேரும்.

வாட்ஸாப்பில் ஆறு பேர் சொல்லும் திருத்தம்

முதல் பதிப்பைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, வருகிற குரல் செய்திகளையெல்லாம் எடிட்டருக்குத் தள்ளிவிடுவதுதான் நாள்களை அதிகம் தின்பது. மாமா பாட்டை மாற்றச் சொல்வார், அண்ணன் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்பார். எடிட்டர் யாருக்குக் கீழ்ப்படிவது? வீட்டாரில் ஒருவரை முடிவு சொல்பவராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய கருத்தையும் அவர் மூலம் வாங்கி, நாம் ஒரே பட்டியலாக எழுதி, ஒரே முறை அனுப்ப வேண்டும்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பதிப்பு எண், நேரம், என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் இருக்கட்டும். “`v1` – `03:42` – முகப் பட்டியல் 4 இல்லை, `A_C0031`-லிருந்து நான்கு வினாடி சேர்க்கவும்.” பதிப்பு எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான்கு வினாடி சேர்த்ததும் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நான்கு வினாடி நகர்ந்துவிடும். பழைய பதிப்பைப் பார்த்துச் சொன்ன `05:10`, புதிய பதிப்பில் வேறு ஆளின் முகத்தில் போய் விழும். முன்னோட்டப் படத்தின் மூலையிலேயே `v1`, `v2` என்று எழுதி அனுப்பச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

சுற்று இரண்டு போதும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதல் சுற்றில் எந்தக் காட்சி இருக்க வேண்டும், எது வேண்டாம், எது முன்னால் வரவேண்டும் என்பது மட்டும். இரண்டாம் சுற்றில் பெயர், நிறம், ஒலி அளவு. இசையைக் கெட்டிமேளத்தோடு பொருத்திய பிறகு நடுவில் ஒரு காட்சியை நுழைத்தால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வெட்டையும் எடிட்டர் மறுபடி தட்டிச் சரிசெய்ய வேண்டும். அரை மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும்.

எது திருத்தம், எது மாற்றம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பட்டியலில் இருந்த பெரியம்மா விடுபட்டால் அது எடிட்டரின் பிழை, கூலி கேட்கக்கூடாது. ஒப்புக்கொண்ட பாட்டை இரண்டாம் சுற்றில் மாற்றச் சொன்னால் அது நம் மாற்றம். பணமும் கொடுக்க வேண்டும், தேதியும் தள்ளும். இதை வீட்டாரிடம் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

நேரக் கணக்கும் உண்டு. நாம் கோயம்புத்தூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் பதினொன்றரைக்குள் பட்டியல் போய்விட்டால் அங்கே காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கும். இரவு பத்துக்கு அனுப்பினால் அங்கே ஏழரை, மறுநாள்தான் பார்ப்பார்.

மூலக் கோப்புகளை அப்படியே ஏற்றுவது

4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, நான்கு மணி நேரத்துக்கு 180 ஜிபி. பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் கிடைக்கும் வீட்டில் அது தடங்கல் இல்லாமல் போனாலும் 20 மணி நேரம். அதற்குப் பதில் 720 வரிசைக்குச் சுருக்கிய, 5 மெகாபிட் பிராக்ஸி நகலை அனுப்புங்கள். அது 9 ஜிபி, ஒரு மணி நேரத்தில் போய்விடும். எடிட்டர் நகலில் வெட்டி, சில எம்பி மட்டுமே உள்ள புராஜெக்ட் கோப்பைத் திருப்பி அனுப்புவார். நாம் அதை நம்மிடம் உள்ள மூலத்தோடு இணைத்து இறுதி வீடியோவை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் பெயரால்தான். இரண்டு கேமராவின் கார்டிலும் `C0001.MP4` என்று ஒரு கோப்பு இருக்கும். திரும்ப இணைக்கும்போது மென்பொருள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். தாலிகட்டு வரவேண்டிய இடத்தில் பந்தி தெரியும். அதனால் நகல் எடுப்பதற்கு முன்பே `A_C0001`, `B_C0001` என்று மாற்றிவிட வேண்டும், அதன் பிறகு யாரும் தொடக்கூடாது. நகலின் பிரேம் வேகமும் ஒலித்தட எண்ணிக்கையும் மூலத்தைப் போலவே இருக்கட்டும்.

புராஜெக்ட் கோப்பில் வீடியோவோ பாட்டோ இருக்காது என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. எடிட்டர் சேர்த்த பாட்டு, எழுத்துரு, தலைப்புப் படங்கள் எல்லாவற்றையும் தனி ஃபோல்டராக வாங்குங்கள். அவருடைய மென்பொருள் நம்முடையதைவிடப் புதிய பதிப்பு என்றால் கோப்பு திறக்காது. பதிப்பு எண்ணை ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது எடிட்டர் என்றால் முழுதாக அனுப்புவதற்கு முன் மூன்று கிளிப்பை மட்டும் அனுப்பி, பத்து வினாடி வெட்டித் திருப்பச் சொல்லி, நம் கணினியில் இணைத்துப் பாருங்கள். இறுதி வீடியோ வந்ததும் அதை அவர் அனுப்பிய முன்னோட்டத்தோடு ஒப்பிட்டு, தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் அதே படம், அதே நொடியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்டை அழிப்பது அதற்குப் பிறகுதான்.